அட்டவணை தெரியும், வினை சறுக்கும்

இடைநிலையில் ஆங்கிலம் கற்கும் தமிழ் மாணவருக்குப் பன்னிரண்டு காலங்களின் அட்டவணை மனப்பாடம். ஆனாலும் ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2015’ என்று எழுதுவார். தமிழில் ‘2015 முதல் இங்கே வேலை செய்கிறேன்’ என்று நிகழ்காலத்தில் சொன்னால் போதும். ஆங்கிலமோ அங்கே ‘ஹாவ் பீன் வொர்க்கிங்’ கேட்கிறது.

அட்டவணையை மறுபடி நடத்துவதால் இது சரியாகாது. அவர் எழுதிய மூன்று நான்கு கட்டுரைகளில் தவறான வினைகளுக்கு அடிக்கோடு மட்டும் போடுங்கள், திருத்திக் கொடுக்காதீர்கள். அவரே திருத்திவிட்டால் அது கைத்தவறு, விட்டுவிடலாம். திருத்தத் தெரியாமல் திரும்பத் திரும்ப வருவதுதான் பிழை. 1967-இலேயே பிட் கார்டர் இந்த வேறுபாட்டை எழுதிவிட்டார்.

மிஞ்சும் வாக்கியங்களை வரிசையாக எழுதச் சொன்னால், ‘சின்ஸ்’, ‘ஃபார்’ வரும் இடங்களில் வினை சறுக்குவதை அவரே கண்டுகொள்வார். இனி எழுதி முடித்ததும் அந்தச் சொற்களைத் தேடி வினையைச் சரிபார்க்க வேண்டும். ‘ஃபார்’ விஷயத்தில் மட்டும் கவனம்: முடிந்துபோன காலமென்றால் ‘ஐ வொர்க்ட் தேர் ஃபார் டூ இயர்ஸ்’ சரியே.

ஒரு மாதம் கழித்து, கோடிட்ட இடம் நிரப்பும் தேர்வு வைக்காதீர்கள். ஒரு கடிதம் எழுதச் சொல்லிப் பாருங்கள்.