அட்டை இல்லாவிட்டாலும் வந்திருப்பார்களா?

எங்கள் தெருமுனை மளிகைக் கடையில் பில் போடும் பெண், "சார், மொபைல் நம்பர் சொல்லுங்க, பாயின்ட் ஏத்திடறேன்" என்பார். எட்டு வருடமாக அங்கேதான் அரிசி வாங்குகிறேன். பாயின்ட் வந்தது போன வருடம். கடைக்காரரின் கணக்கில் நான் அந்தத் திட்டம் பிடித்துத் தந்த வாடிக்கையாளர்!

இந்தக் குழப்பம் எவ்வளவு பெரிதாகும் என்பதை ஒரு கற்பனைக் கடையில் வைத்துப் பார்க்கலாம். 4,000 பழைய வாடிக்கையாளர்கள். மொபைல் எண் ஒற்றைப்படையில் முடிகிற 2,000 பேரிடம் மட்டும் பாயின்ட் திட்டத்தைச் சொல்கிறார்கள். இரட்டைப்படைக்காரர்களுக்கு வழக்கம்போல வெறும் பில். கடைசி இலக்கத்துக்கும் வீட்டுச் செலவுக்கும் சம்பந்தமில்லை என்பதால் இரண்டு கூட்டமும் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை.

மூன்று மாதம் போகிறது. ஒற்றைப்படையில் 800 பேர் திட்டத்தில் சேர்ந்து, அவர்களில் 720 பேர் மறுபடி வந்திருக்கிறார்கள். அதாவது 90 சதவீதம். சேராத 1,200 பேரில் வந்தவர்கள் 520, சுமார் 43 சதவீதம். இங்கேதான் முதலாளி துள்ளிக் குதிப்பார். ஆனால் அடிக்கடி வருகிறவர்தான் பாயின்ட்டில் சேரவே மெனக்கெடுவார். அவர் முன்பே நம் ஆள்.

அதனால் சேர்ந்தவர், சேராதவர் என்று பிரிக்காமல் திட்டம் சொல்லப்பட்ட 2,000 பேரையும் ஒன்றாக எண்ண வேண்டும். வந்தவர்கள் 1,240. இரட்டைப்படையில் 1,160. திட்டம் கூடுதலாகக் கொண்டுவந்தது 80 பேரை மட்டுமே.

செலவு? திரும்பி வந்த 720 பேருக்கும் தலைக்கு 40 ரூபாய் தள்ளுபடி, மொத்தம் 28,800. அதை 80 பேருக்கு வகுத்தால் ஒருவருக்கு 360 ரூபாய். நூற்றுக்குப் பத்து லாபம் என்றால், அந்த 80 பேரில் ஒவ்வொருவரும் 3,600 ரூபாய்க்கு வாங்கினால்தான் போட்டது கைக்கு வரும்.

அந்த 80-ஐயும் கல்லில் செதுக்கிவிட முடியாது. தற்செயலாகவே எண்கள் கொஞ்சம் ஏறி இறங்கும். இந்த அளவுக் கூட்டத்தில் உண்மை 20-லிருந்து 140 வரை எங்கேயும் இருக்கலாம். கூட்டத்துக்கு 200 பேரை மட்டும் வைத்துப் பார்த்திருந்தால், 4 சதவீத வித்தியாசம் திட்டத்தால் வந்ததா, தானாக வந்ததா என்றே சொல்ல முடியாது.

சோதனை பெரும்பாலும் கெடுவது கல்லாவில்தான். "அவங்களுக்கு மட்டும் பாயின்ட்டா?" என்று இரட்டைப்படைக்கார அக்கா கோபித்துக்கொள்வார், பில் போடும் பெண் மனசு கேட்காமல் வேறு யாருடைய எண்ணிலாவது ஏற்றிக் கொடுத்துவிடுவார். அப்படி நடந்தால் இரண்டு கூட்டமும் கலந்து, திட்டத்தின் பலன் இருப்பதைவிடக் குறைவாகத் தெரியும். ஒரே எண்ணில் ஒரே நாளில் ஐந்தாறு பில் விழுந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும், விஷயம் வெளியே வந்துவிடும்.