பாதரசத்தின் பக்கத்தில் நிற்கும் தண்ணீர்

பாடப்புத்தகத்திலிருந்து கைபேசியில் எடுத்த படம் ஒன்று கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிடைமட்டமான ஒரு குழாயில் தண்ணீர் ஓடுகிறது. நடுவில் துளையிட்ட தகடு ஒன்று ஓட்டத்தைத் தடுக்கிறது. தகட்டுக்கு முன்னால் ஏ, பின்னால் பி என்று இரண்டு புள்ளிகள். அவற்றிலிருந்து இறங்கும் கண்ணாடிக் குழாய்கள் கீழே யூ வடிவில் வளைந்து இணைகின்றன. வளைவில் பாதரசம், அதன் மேல் இரு பக்கமும் தண்ணீர். ஏ பக்கத்தில் பாதரசம் தாழ்ந்தும் பி பக்கத்தில் 20 சென்டிமீட்டர் உயர்ந்தும் நிற்கிறது. தண்ணீரின் அடர்த்தி கன மீட்டருக்கு 1,000 கிலோ, பாதரசத்தின் அடர்த்தி 13,600 கிலோ என்று ஓரத்தில் குறித்திருக்கிறார்கள். ஏ-க்கும் பி-க்கும் அழுத்தம் எவ்வளவு வேறுபடுகிறது?

பலர் உடனே 13,600-ஐ 9.81-ஆலும் 0.2-ஆலும் பெருக்கி 26,683 பாஸ்கல் என்று எழுதிவிடுவார்கள். விடை தவறு. ஆனால் கிட்டத்தட்ட 8 விழுக்காடுதான் கூடுதல் என்பதால், பார்த்தால் சந்தேகம் வராது.

எங்கே பிசகுகிறது என்று தெரிய, குழாய்க்குள் ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டு நடந்து பார்க்கலாம். இறங்கும்போது அழுத்தம் கூடும், ஏறும்போது குறையும். எவ்வளவு என்பது அந்த இடத்தில் உள்ள திரவத்தின் அடர்த்தியையும் செங்குத்து உயரத்தையும் பொறுத்தது.

குழாயின் மையத்திலிருந்து ஏ பக்கப் பாதரச மட்டம் வரை 50 சென்டிமீட்டர் என்று படம் சொல்கிறது. ஏ-யிலிருந்து தண்ணீரில் இத்தனை இறங்கினால் 4,905 பாஸ்கல் கூடும். இப்போது பாதரசத்தின் தலைக்கு வந்துவிட்டோம். இதே மட்டத்தில் வளைவைக் கடந்து பி பக்கம் போகலாம். இரு பக்கமும் ஒரே பாதரசம், அறுபடாமல் தொடர்வதால் அழுத்தம் மாறாது. அங்கிருந்து 20 சென்டிமீட்டர் பாதரசத்தில் ஏறினால் 26,683 குறையும். மீதி 30 சென்டிமீட்டரைத் தண்ணீரில் ஏறினால் இன்னும் 2,943 குறைந்து பி-க்கு வந்து சேர்வோம். மொத்தம் குறைந்தது 29,626, கூடியது 4,905. ஆக ஏ-யின் அழுத்தம் பி-யைவிட 24,721 பாஸ்கல் அதிகம்.

விடுபட்டது எது என்று இப்போது தெரிகிறது. பி பக்கம் 20 சென்டிமீட்டர் பாதரசம் நிற்கும் அதே உயரத்தில், ஏ பக்கம் 20 சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கிறது. அதுவும் தன் பங்குக்கு அழுத்துகிறது. எனவே பெருக்க வேண்டியது 13,600 அல்ல, இரண்டு அடர்த்திகளின் வித்தியாசமான 12,600. அந்த 50 சென்டிமீட்டர் 80 ஆக இருந்தாலும் விடை மாறாது. ஒரு பக்கம் கூடியது மறுபக்கம் கழிந்துவிடும்.

ஒரே மட்டத்தில் அழுத்தம் சமம் என்று பள்ளியில் படித்த விதியை அரைகுறையாக நினைவில் வைத்திருப்பதுதான் வழுக்கும் இடம். பி பக்கப் பாதரசத்தின் நடுவிலிருந்து ஏ பக்கத் தண்ணீருக்குக் கோடு இழுத்து 'சமம்' போட முடியாது. திரவம் ஒன்றாகவும் தொடர்ச்சியாகவும் இருந்தால்தான் விதி செல்லும்.

படத்தின் மேல் அளவுகோல் வைப்பதும் வேண்டாம். கைபேசி சாய்ந்திருந்தால் மட்டங்களும் சாயும். அச்சுப் படமே பெரும்பாலும் அளவுப்படி வரைந்ததில்லை. எழுதியிருக்கும் எண்களையும், அம்புக்குறிகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்பதையும் மட்டும் நம்பலாம். வெறுமனே 13.6 என்றிருந்தால் அது ஒப்படர்த்தி. ஆயிரத்தால் பெருக்க வேண்டும்.

பி-யை 40 சென்டிமீட்டர் உயர்த்தி, குழாயைச் சாய்வாக வைத்துப் பார்த்தால் விஷயம் சுவையாகிறது. ஓட்டத்தை நிறுத்தினாலும் ஏ-யில் அழுத்தம் 3,924 பாஸ்கல் அதிகம்தான், காரணம் உயரம். ஆனால் பாதரசம் இரு பக்கமும் சமமாக நிற்கும்! இணைப்புக் குழாயில் உள்ள தண்ணீரே அந்த வேறுபாட்டை ஈடுகட்டிவிடுகிறது. தகடு தரும் இழப்பை மட்டும் அறிய விரும்புபவருக்கு இது வசதி. இரு புள்ளிகளின் உண்மையான அழுத்த வேறுபாடு வேண்டுமென்றால், பாதரசம் காட்டுவதோடு 3,924-ஐயும் சேர்க்க வேண்டும்.

இத்தனை கணக்கும், இணைப்புக் குழாய்களில் தண்ணீர் முழுதாக நிரம்பியிருந்தால்தான் சரி. பி பக்கக் குழாயில் 10 சென்டிமீட்டர் நீளத்துக்குக் காற்று சிக்கினால் அந்தத் தண்ணீரின் எடை காணாமல் போகும். இரு பக்கப் பாதரச மட்டங்களின் வேறுபாடு ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் கூடும். ஓட்டம் இருக்கும்போது பாதரச மட்டத்தை மட்டும் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. குழாயின் இரு வால்வுகளையும் மூடி, இரு கைகளையும் இணைக்கும் சமன் வால்வைத் திறந்துவிட்டால் பாதரசம் சமமாக வந்து நிற்க வேண்டும். நிற்காவிட்டால், காற்றை வெளியேற்றிவிட்டுத்தான் அளவு எடுக்க வேண்டும்.