‘25 கி’ என்றால் எவ்வளவு?

மளிகையும் கயிறு, தார்ப்பாய் வகையறாவும் விற்கும் ஒரு கடையின் சரக்குப் பட்டியல். நாலு பேர் மாறி மாறி எக்செல்லில் தட்டியது. எடைப் பத்தியில் ‘500 gm’, ‘அரை கிலோ’, ‘0.5 Kg’, ‘1/2 கிலோ’ என்று இருக்கிறது. நான்கும் ஒரே எடைதான். கூட்டிப் பார்த்தால் பூஜ்யம் வரும். எழுத்து கலந்த கட்டத்தை SUM எண்ணாக எடுப்பதில்லை.

முதலில், தட்டிய பத்தியை அப்படியே விட்டுவிட வேண்டும். சந்தேகம் வந்தால் திரும்பிப் பார்க்க அது ஒன்றுதான் சாட்சி. பக்கத்தில் இரண்டு புதிய பத்திகள்: C-யில் எண், D-யில் அலகு. ‘அரை’, ‘1/2’ எல்லாம் C-யில் 0.5 ஆகிவிடும். (1/2 என்று மட்டும் தட்டினால் எக்செல் அதைத் தேதியாக்கிவிடும், ஜாக்கிரதை.) பிறகு ‘அலகு’ என்று தனித் தாள் ஒன்று. பட்டியலில் வந்த ஒவ்வொரு எழுத்துமுறையும் இடப்பக்கம், அதற்கு எத்தனை கிராம் என்பது வலப்பக்கம்: gm 1, கிராம் 1, kg 1000, கிலோ 1000.

```
=IFERROR(C2*VLOOKUP(TRIM(D2),'அலகு'!$A:$B,2,FALSE),"?")
```

தாளில் இல்லாத அலகு வந்தால் கேள்விக்குறி விழும். அதைப் பூஜ்யமாக்கிவிடாதீர்கள், பூஜ்யம் கூட்டலுக்குள் ஒளிந்துகொள்ளும், கேள்விக்குறி கண்ணில் படும்.

‘கிலோ’ என்று சரியாகத் தெரிகிற கட்டத்திலும் சில நேரம் கேள்விக்குறி விழலாம். ‘லோ’வின் ஓகாரத்தை ஒரே குறியாகவும் தட்டலாம், ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் தட்டலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. LEN போட்டால் ஒன்று 4 என்றும் மற்றது 5 என்றும் காட்டும். இரண்டு வடிவத்தையும் அலகுத் தாளில் சேர்த்துவிட்டால் போதும்.

இதையெல்லாம்விடப் பெரிய வில்லங்கம் ‘கி’. அரிசி 25 கி, ஏலக்காய் 25 கி. ஒருவருக்கு அது கிலோ, இன்னொருவருக்குக் கிராம். இதற்குச் சூத்திரம் கிடையாது. விலைப் பத்தியை எடையால் வகுத்துப் பாருங்கள். 25 கிராம் அரிசிக்கு ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் என்று வந்தால் அது மூட்டை. அப்படிச் சோதித்து, D-யில் கையால் திருத்துவதே வழி.

நீளத்துக்கும் இதே முறைதான். அலகு சென்டிமீட்டர், ஓர் அடிக்கு 30.48, அங்குலத்துக்கு 2.54. ஆனால் நம்மவர்கள் 5 அடி 10 அங்குலத்தை ‘5.10’ என்று எழுதுவார்கள். எக்செல் கடைசிப் பூஜ்யத்தை விழுங்கி 5.1 ஆக்கும். 177.8 செ.மீ. தார்ப்பாய் 155.4 ஆகச் சுருங்கிவிடும். அந்த 5.1, 5 அடி 1 அங்குலமாகவும் இருந்திருக்கலாம் என்பதால் பட்டியலை வைத்து மீட்க முடியாது; டேப்பை எடுத்து அளக்கத்தான் வேண்டும். அடிக்கு ஒரு பத்தி, அங்குலத்துக்கு ஒரு பத்தி என்று பிரித்துவிட்டால் அடுத்த முறை இந்த வேலை இராது.

‘2 படி உளுந்து’ என்று இருந்தால் கேள்விக்குறியை அப்படியே விடுங்கள். படி கொள்ளளவு, அந்த உளுந்தைத் தராசில் போட்ட பிறகே கிராம் பத்தியை நிரப்ப முடியும்.