ராக்கெட்டின் எடை எந்தப் பக்கம்?

இறகுப்பந்து ராக்கெட்டுகள் பெரும்பாலும் 80 முதல் 90 கிராம் எடைக்குள்தான் இருக்கும். ஆனாலும் ஒரே எடையுள்ள இரண்டு ராக்கெட்டுகள் கையில் வெவ்வேறாகத் தோன்றும். எடை எந்தப் பக்கம் கூடியிருக்கிறது என்பதே அதற்குக் காரணம். ராக்கெட்டை ஒரு விரல்மேல் கிடையாக நிறுத்தி, அது சாயாமல் நிற்கும் இடத்தைப் பிடியின் அடிமுனையிலிருந்து அளந்தால் சமநிலைப் புள்ளி கிடைக்கும். ஏறத்தாழ 295 மில்லிமீட்டரைத் தாண்டினால் தலை கனத்தது. 285-க்குக் கீழே இருந்தால் தலை இலேசானது. இடைப்பட்டது சமநிலை ராக்கெட். இந்த எல்லைகள் நிறுவனத்துக்கு நிறுவனம் சற்று மாறும்.

தலை கனத்த ராக்கெட், அதே வேகத்தில் வீசினாலும் ஷட்டிலைக் கூடுதல் வலுவோடு தள்ளும். பின்களத்திலிருந்து ஸ்மாஷ் அடிப்பவர்கள் அதை விரும்புவது இதனால்தான். ஆனால் கனத்த தலையை அசைக்கவும் நிறுத்தவும் நேரம் பிடிக்கும். இரட்டையர் ஆட்டத்தில் உடலை நோக்கி வரும் ஸ்மாஷைத் தடுக்கும்போது அந்தத் தாமதம் புள்ளியைப் பறித்துவிடும். வலையருகே நிற்பவருக்கும் தற்காப்பை நம்பி ஆடுபவருக்கும் தலை இலேசான ராக்கெட்டே கைகொடுக்கும். யோனெக்ஸின் அஸ்ட்ராக்ஸ் வரிசை முதல் வகை, நானோஃப்ளேர் வரிசை இரண்டாம் வகை.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கடையில் பார்த்த சமநிலை களத்தில் அப்படியே இருப்பதில்லை. 85 கிராம் எடையும் 300 மில்லிமீட்டர் சமநிலைப் புள்ளியும் கொண்ட ராக்கெட்டின் பிடிமேல் 5 கிராம் மேலுறை சுற்றப்படுகிறது என்று கொள்வோம். உறையின் எடை அடிமுனையிலிருந்து சுமார் 90 மில்லிமீட்டர் தொலைவில் விழும். கணக்கிட்டால் புதிய புள்ளி ஏறக்குறைய 288. தலை கனத்தது என்று வாங்கிய ராக்கெட் சமநிலை வகைக்கு வந்துவிடுகிறது! நரம்பு கட்டினால் இதற்கு நேர்மாறாக எடை தலைப்பக்கம் கூடும். எனவே நரம்பும் உறையும் போட்ட பிறகு அளப்பதே சரி.

தண்டின் விறைப்பு வேறு விஷயம். வீசும்போது தண்டு வளைந்து தலை பின்தங்குகிறது; பிறகு நிமிர்கிறது. அது நிமிரும் தருணத்தில் ஷட்டிலைத் தொட்டால் அடியில் வலு சேரும். மணிக்கட்டையும் முன்கையையும் வேகமாகச் சுழற்றும் தேர்ந்த ஆட்டக்காரருக்கு விறைத்த தண்டு உடனே நிமிர்ந்து திசையைத் துல்லியமாக்கும். வீச்சு மெதுவாக இருக்கும் புதியவரிடம் அதே தண்டு போதிய அளவு வளைவதில்லை. பலன் கிடைக்காமல் அதிர்வு மட்டும் முழங்கைக்கு ஏறுகிறது. அவருக்கு நெகிழ்ந்த தண்டே நல்லது. வேகமாக அடிப்பவரிடம் நெகிழ்ந்த தண்டு கொடுத்தால், தலை வந்து சேருமுன் ஷட்டிலைத் தொட்டு, அடி குறி தப்பும்.

பொருத்தத்தை அறிய, பின்கோட்டிலிருந்து எதிர்ப் பின்கோட்டுக்குக் கிளியர் அடித்துப் பார்க்கலாம். நுட்பம் சரியாக இருந்தும், முழு முயற்சியில் ஷட்டில் நடுக்களத்திலேயே விழுந்தால் தண்டு அளவுக்கு மீறி விறைப்பாக இருக்கக்கூடும். தூரம் எளிதில் கிடைத்தும் ஸ்மாஷ் நினைத்த இடத்துக்குப் போகாமல் விலகினால், அடுத்த விறைப்புக்கு மாறலாம். ஆட்டத்தின் பிற்பகுதியில் தோள் தளர்ந்து டிரைவுகள் தாமதமாகத் தொடங்கினால், அங்கே மாற்ற வேண்டியது சமநிலை, தண்டு அல்ல.