மூட்டு வீங்கும் முன்பே தொடங்கிவிடும் நோய்

ஆம்ஸ்டர்டாமில் முடக்குவாதம் வந்த 79 பேர், நோய் வருவதற்கு முன்பு பல ஆண்டுகளாக ரத்ததானம் செய்துவந்தவர்கள். அவர்கள் கொடுத்த ரத்தத்தின் மாதிரிகள் உறைநிலையில் பத்திரமாக இருந்தன. மருத்துவர்கள் அவற்றை எடுத்துச் சோதித்து, 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறைய பாதிப் பேரின் ரத்தத்தில், விரல் ஒன்றுகூட வலிக்காத காலத்திலேயே நோயின் ஆன்டிபாடிகள் இருந்தன. நடுத்தரமாகக் கணக்கிட்டால், முதல் அறிகுறிக்கு நாலரை ஆண்டுகள் முன்பே அவை வந்துவிட்டிருந்தன.

சரவாங்கி என்று ஊரில் சொல்லும் இந்த நோயை மூட்டு நோய் என்றே நினைத்துப் பழகிவிட்டோம். உண்மையில் மூட்டு, கதையின் பின்பாதியில்தான் வருகிறது. முன்பாதி முழுக்க நோயெதிர்ப்பு மண்டலத்துக்குள் நடக்கிறது. சொந்த உடம்பைத் தொடாமல் விட்டுவைக்கும் குணம் அதற்கு உண்டு. அதைச் சகிப்புத்தன்மை என்கிறார்கள். அது எங்கே, எப்படி உடைகிறது என்பதுதான் விஷயம்.

நம் டி செல்கள் மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் வளர்கின்றன. எந்த டி செல் எதைப் பிடிக்கும் என்பது குலுக்கல் முறையில் அமைவதால், சொந்தப் புரதத்தையே பிடிக்கும் செல்களும் நிறையப் பிறக்கும். ஆகவே கணையம், தோல், மூட்டு என்று உடம்பின் பல பாகங்களுக்குரிய புரதத் துண்டுகளைத் தைமஸ் அங்கேயே தயாரித்து அவற்றிடம் காட்டுகிறது. அவற்றை இறுகப் பற்றும் செல்கள் பெரும்பாலும் அங்கேயே அழிக்கப்படுகின்றன.

இந்த வடிகட்டல் முழுமையானதல்ல. நம் எல்லோர் உடம்பிலும் தப்பி வந்த செல்கள் சில சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றுக்கு இரண்டு தடைகள் உண்டு. ஒரு டி செல் தான் தேடும் புரதத்தைக் கண்டால் மட்டும் விழித்துவிடாது. ஆபத்து இருக்கிறது என்ற இரண்டாவது சமிக்ஞையும் பக்கத்துச் செல்லிலிருந்து வரவேண்டும். அது வராவிட்டால் அடங்கிப் போய்விடும். அடுத்த தடை, மற்ற செல்களை அடக்குவதையே வேலையாகக் கொண்ட ஒழுங்குபடுத்தும் டி செல்கள். இவற்றை 1995-ல் அடையாளம் காட்டிய ஜப்பானியர் ஷிமோன் சகாகுச்சி, அமெரிக்கர்கள் இருவருடன் 2025-ம் ஆண்டின் மருத்துவ நோபலைப் பகிர்ந்துகொண்டார்.

இத்தனை காவல் இருந்தும் எப்படித் தவறுகிறது? கல் குவாரியில் வேலை பார்க்கும் 45 வயதுக்காரர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். இருபது வருடமாகப் பீடி பிடிக்கிறார். இந்த நோய் பெண்களுக்குத்தான் இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது. ஆனாலும் நோய் வரும் பாதை இவரிடம் தெளிவாகத் தெரியும் என்பதால் இவரை எடுத்துக்கொள்கிறேன்.

புகையும் கல்தூசியும் அவருடைய நுரையீரலை ஓயாமல் புண்படுத்துகின்றன. புண்பட்ட இடத்தில் ஒரு நொதி வேலை செய்கிறது. புரதங்களில் உள்ள ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை அது சிட்ருலினாக மாற்றுகிறது. இது நடப்பதே கோளாறு அல்ல. ஆரோக்கியமான தோலிலும் நடப்பதுதான். ஆனால் இங்கே அளவு மீறி நடக்கிறது. ஈறு நோயை உண்டாக்கும் ஒரு பாக்டீரியாவும் இதே மாற்றத்தைச் செய்யும் நொதியை வைத்திருக்கிறது. பல்லுக்கும் மூட்டுக்கும் தொடர்பு உண்டா என்று ஆய்வாளர்கள் தேடுவது இதனால்தான்.

இப்போது அவருடைய மரபணு குறுக்கே வருகிறது. நம் செல்கள் புரதத் துண்டுகளை ஒரு தட்டில் வைத்து டி செல்லுக்குக் காட்டும். அந்தத் தட்டு ஆளுக்கு ஆள் மாறும். முடக்குவாதம் வருபவர்களிடம் அடிக்கடி காணப்படும் வகையில், தட்டில் உள்ள ஒரு குழி நேர்மின்னேற்றம் கொண்டது. ஆர்ஜினினும் நேர்மின்னேற்றம் உடையது என்பதால் குழி அதைத் தள்ளிவிடும். சிட்ருலினுக்கு மின்னேற்றம் இல்லை. அது வசதியாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆக, தைமஸில் போதுமான அளவு காட்டப்படாத, மாறிய புரதம் ஒன்று இப்போது டி செல்லின் முன் நிற்கிறது. அதைப் பிடிக்கக்கூடிய டி செல் அழிக்கப்படாமல் தப்பியிருக்க வாய்ப்பு அதிகம். நுரையீரல் புண்பட்டிருப்பதால் இரண்டாவது சமிக்ஞையும் தயாராக இருக்கிறது. டி செல் விழிக்கிறது, பி செல்லைத் தூண்டுகிறது, ஆன்டிபாடி பிறக்கிறது. இந்த மரபணு வகையை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்று, புகையும் பிடிப்பவர்களுக்கு ஆன்டிபாடியோடு கூடிய முடக்குவாதம் வரும் ஆபத்து, இரண்டும் இல்லாதவர்களைவிட 21 மடங்கு என்று ஸ்வீடன் ஆய்வு ஒன்று 2006-ல் சொன்னது. அந்த மரபணு உள்ள பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை என்பதையும் கூடவே சொல்லவேண்டும்.

குவாரித் தொழிலாளிக்கு இதுவரை ஒன்றும் தெரியாது. ஆன்டிபாடிகள் ஆண்டுக்கணக்கில் ரத்தத்தில் மெல்லப் பெருகி, சிட்ருலின் கொண்ட மற்றப் புரதங்களையும் பிடிக்கக் கற்றுக்கொள்கின்றன. பிறகு ஒருநாள் அவை மூட்டில் நிலைகொள்கின்றன. ஏன் மூட்டு, ஏன் அந்தக் காலத்தில் என்பதற்கு ஆய்வாளர்களிடையே ஒருமித்த பதில் இல்லை. சிறு அடியோ தொற்றோ ஏற்படுத்தும் வீக்கம் வழிவிடலாம் என்பது பலரின் கருத்து.

மூட்டின் உட்சவ்வு இயல்பில் ஓரிரு செல் அடுக்குகள் மட்டுமே கொண்டது. அங்கே ஆன்டிபாடிகள் சேர்ந்ததும் மேக்ரோஃபேஜ் செல்கள் அவற்றைப் பற்றிக்கொண்டு டி.என்.எஃப். என்ற வேதிப்பொருளைச் சுரக்கின்றன. சவ்வு தடித்துப் பெருகிக் குருத்தெலும்பின் மேல் படர்கிறது. குருத்தெலும்பு மூடாத எலும்பு விளிம்பு மூட்டுக்குள் கொஞ்சம் இருக்கும். சவ்வு முதலில் அரிப்பது அந்த விளிம்பைத்தான். எக்ஸ்ரேயில் விரல் எலும்பின் ஓரத்தில் கடித்ததுபோல் தெரியும் பள்ளம் அதுவே. இதில் வினோதம், ஒழுங்குபடுத்தும் டி செல்கள் அந்த மூட்டு நீரில் ஏராளமாகவே இருக்கின்றன. வீக்கத்தின் வேதிப்பொருள்கள் நிறைந்த அந்தச் சூழலில் தாக்கும் செல்கள் அவற்றுக்கு அடங்குவதில்லை.

இந்த விளக்கம் சரியா என்பதற்கு மருந்துகளே சாட்சி. லண்டனில் ரவீந்தர் மெய்னியும் மார்க் ஃபெல்ட்மனும் 1992-ல் டி.என்.எஃப்.-ஐ மட்டும் தடுத்துப் பார்த்தபோது நோயாளிகளின் வீக்கம் வடிந்தது. டி செல்லின் இரண்டாவது சமிக்ஞையைத் தடுக்கும் அபாடாசெப்ட் என்ற மருந்தை, ஆன்டிபாடியும் மூட்டுவலியும் இருந்தும் வீக்கம் வராதவர்களுக்குக் கொடுத்து, 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து எடுத்த காலத்தில் பலருக்கு நோய் தள்ளிப்போனது. நிறுத்திய பிறகு அந்தப் பலன் மெல்லக் குறைந்தது. அடக்கி வைக்க முடிகிறது. உடைந்த சகிப்புத்தன்மையைத் திரும்ப உண்டாக்கும் மருந்து இன்னும் கைக்கு வரவில்லை. டி.என்.எஃப். தடுப்பு மருந்துக்கு விலையும் உண்டு. உடம்பில் உறங்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றிக் கட்டிவைத்திருப்பதிலும் டி.என்.எஃப்.-க்குப் பங்கிருக்கிறது. அதனால்தான் ஊசி போடும் முன் காசநோய்ச் சோதனை செய்கிறார்கள்.

வாசகர்கள் கவனிக்கவேண்டியவை இவை. விரல்களின் அடிக்கணுவும் நடுக்கணுவும் இரண்டு கையிலும் மெத்தென்று வீங்கி, காலையில் அரைமணிக்கு மேல் விறைப்பு நீங்காமல், சில வாரங்கள் தொடர்ந்தால் மூட்டுவாத மருத்துவரைப் பாருங்கள். தேய்மானத்தில் வீக்கம் எலும்பாகக் கெட்டியாக இருக்கும். நகத்தையொட்டிய கணுவிலும் வரும். ஆர்.ஏ. ஃபாக்டர் காசநோயிலும் முதுமையிலும்கூட பாசிட்டிவ் ஆகலாம் என்பதால் அதை மட்டும் வைத்துப் பயப்படவேண்டாம். சிட்ருலின் ஆன்டிபாடியைத் தேடும் ஆன்டி சி.சி.பி. சோதனை கூடுதல் நம்பகமானது, அது நெகட்டிவ் என்றாலும் நோய் இல்லை என்று முடிவு கட்டமுடியாது. மருத்துவர் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை எழுதிக்கொடுத்தால், அது வாரம் ஒருநாள் மட்டுமே போடவேண்டியது. தினமும் போட்டு உயிரையே இழந்தவர்கள் உண்டு. எந்தக் கிழமை என்று சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.