திறந்த டப்பாவுக்கு ஆயுள் எத்தனை நாள்?

அட்டை டப்பாவில் வரும் பாலின் மேல் விளிம்பில், காலாவதித் தேதி ஆறு மாதம் தள்ளி இருக்கும். பக்கவாட்டில், கண்ணாடி போட்டால்தான் தெரியும் எழுத்தில் இன்னொரு வரி உண்டு: திறந்த பிறகு ஃப்ரிட்ஜில் வைத்து இத்தனை நாளுக்குள் பயன்படுத்தவும். முதல் தேதி மூடிய டப்பாவுக்கு மட்டும்தான். மூடியைத் திருகிய நிமிடமே அது செல்லாது. இரண்டாவது வரியைப் படிக்காமல் விடுவதால்தான் வீடுகளில் பிரச்சினை வருகிறது.

ஆறு மாதம் கெடாமல் இருப்பதால் ஏதோ மருந்து கலந்திருக்கிறார்கள் என்று நினைப்பவர்கள் நிறைய. அப்படி எதுவும் இல்லை. பாலை 135 டிகிரிக்கு மேல் சில விநாடிகள் மட்டும் சூடாக்கி, உடனே குளிரவைத்து, கிருமி நீக்கிய அறைக்குள் கிருமி நீக்கிய அட்டையில் நிரப்பி ஒட்டிவிடுகிறார்கள். அட்டைக்குள் இருக்கும் மெல்லிய அலுமினியத் தகடு வெளிச்சத்தையும் காற்றையும் தடுக்கிறது. உள்ளே கெடுக்க ஆளில்லை, வெளியிலிருந்து வர வழியும் இல்லை. பாதாம், ஓட்ஸ், சோயா பால் டப்பாக்களில் பெரும்பாலானவையும் இதே முறையில்தான் வருகின்றன. (டீக்கடை பாதாம் பாலை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது மாட்டுப் பாலில் செய்தது.) ஆக, பாதுகாப்பு முழுவதும் அந்த மூடியில்தான் இருந்தது. திறந்ததும் காற்று, விரல், கத்தரிக்கோல் முனை, ஃப்ரிட்ஜில் பக்கத்தில் இருக்கும் பாத்திரம் என எதன் வழியாகவும் கிருமி நுழையும். எதிர்த்துப் போராட உள்ளே மருந்தும் இல்லை, வேறு கிருமியும் இல்லை.

இந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பாக்கெட் பால் கெட்டதா என்று பார்க்க நம் வீடுகளில் பழைய சோதனை ஒன்று இருக்கிறது: அடுப்பில் வைப்பது. திரிந்தால் கெட்டது, பொங்கினால் நல்லது. பாக்கெட் பாலைச் சுமார் 72 டிகிரியில் 15 விநாடி மட்டும் சூடாக்குகிறார்கள். நோய்க் கிருமிகள் சாகும். பாலைப் புளிக்கவைக்கக்கூடிய சில பாக்டீரியாக்கள் தப்பிவிடும். நாளாக நாளாக அவை பால் சர்க்கரையை அமிலமாக்கும். புளித்த வாடையும் அடுப்பில் திரிவதும் அந்த அமிலத்தின் வேலை. அதாவது, பாக்கெட் பால் கெடும்போது தானே சொல்லிவிடுகிறது.

டப்பா பாலில் அந்தப் புளிக்கவைக்கும் கூட்டம் முழுக்க அழிந்துவிட்டது. திறந்த பிறகு வந்து சேர்வது யார் என்பது அந்தந்த வீட்டைப் பொறுத்தது. ஃப்ரிட்ஜின் குளிரிலும் வளரும் சூடோமோனாஸ் வகை பாக்டீரியா வந்தால், அது அமிலத்தை உண்டாக்காமல் புரதத்தையும் கொழுப்பையும் அரிக்கும். பால் லேசாகக் கசக்கும், பழைய எண்ணெய் வாடை வரும். அடுப்பில் வைத்தால் பல நேரம் திரியவே திரியாது. ஓட்ஸ், பாதாம் பாலில் நம் மூக்குக்குப் பழகிய பால் சர்க்கரையே கிடையாது. அவை கெடும்போது என்ன வாடை வரும் என்பதே நமக்குத் தெரியாது. வெனிலா சேர்த்த வகையில் கேட்கவே வேண்டாம்.

இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. சோயா பாலைச் சூடான காபியில் ஊற்றினால் திரிதிரியாகப் பிரியும். கெட்டுவிட்டது என்று டப்பாவையே கொட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். காபியின் அமிலமும் சூடும் சேர்ந்து சோயா புரதத்தைத் திரட்டுவதால் அப்படி ஆகிறது. நேற்றுத் திறந்த நல்ல டப்பாவிலும் இது நடக்கும். பாதாம், ஓட்ஸ் பால் டப்பாவின் அடியில் மாவு போல் படிவதும் இயல்புதான், குலுக்கினால் கலந்துவிடும். குலுக்கியும் கட்டிகள் கரையாமல் நின்றாலோ, ஊற்றும்போது கோழையாக நூல் இழுத்தாலோ, திறக்கும் முன்பே டப்பா உப்பியிருந்தாலோ சுவைத்துப் பார்க்காமல் கொட்டிவிட வேண்டும்.

கண்ணும் மூக்கும் இவ்வளவு ஏமாற்றுவதால், நாளைக் கணக்கு வைப்பதுதான் வழி. பால் டப்பாவுக்கு இரண்டு மூன்று நாள், தாவரப் பாலுக்கு மூன்று முதல் ஐந்து நாள், சில வகைகளுக்கு ஒரு வாரத்துக்கு மேலும் என்று நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். உங்கள் டப்பாவில் போட்டிருப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த எண்ணுக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: இடைவிடாமல் குளிரில், 4 டிகிரி அளவில் இருக்க வேண்டும்.

தோராயமாக ஒரு கணக்குப் போடலாம். நல்ல குளிரில் இந்தக் கிருமிகள் இரட்டிப்பாகப் பத்து மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று நாளில் ஏழு முறை இரட்டிக்கும்; ஒன்று 128 ஆகும். அதே டப்பா சித்திரை வெயிலில் சமையல் மேடையில் கிடந்தால், வெப்பத்தை விரும்பும் கிருமிகள் அரை மணிக்கு ஒருமுறை இரட்டிக்கும். நான்கு மணி நேரத்தில் எட்டு முறை. ஒன்று 256 ஆகும். காலை காபிக்கு எடுத்த டப்பாவை மதியம் வரை மறந்தால், ஃப்ரிட்ஜின் மூன்று நாள் தவணையைப் பகல் உணவுக்குள் தின்று தீர்த்தாயிற்று. நீண்ட மின்வெட்டும் இப்படித்தான். ஃப்ரிட்ஜ் கதவில் வைப்பதும் நல்லதல்ல; திறக்கும்போதெல்லாம் சூடேறும் இடம் அது. உள் தட்டில், பின்பக்கமாக வைக்க வேண்டும்.

காய்ச்சிவிட்டால் சரியாகிவிடாதா? வளர்ந்த கிருமிகளில் பெரும்பாலானவை சாகும். ஆனால் சில கிருமிகள் வளரும்போதே நஞ்சை விட்டுச் செல்கின்றன. கையிலிருந்து வரும் ஸ்டஃபைலோகாக்கஸ், மண்ணிலும் தானியத்திலும் இருக்கும் பேசில்லஸ் செரியஸ் ஆகியவற்றின் வாந்தி நஞ்சுகள் கொதிநிலையிலும் அழிவதில்லை. மணிக்கணக்கில் வெளியே கிடந்த பாலைக் கொதிக்கவைத்து மீட்க முடியாது.

தனியாக இருக்கும் ஒருவர் ஒரு லிட்டர் பால் டப்பா வாங்குகிறார் என்று கொள்வோம். ஒரு டீக்கு 100 மில்லி, நாளுக்கு இரண்டு டீ. மூன்று நாளில் 600 மில்லி தீரும், 400 மில்லி மிஞ்சும். மூன்றாம் நாள் இரவு யோசிப்பதில் பயனில்லை. திறந்த அன்றே அந்த 400 மில்லியைச் சுத்தமான பாத்திரத்தில் ஊற்றி உறைமோர் விட்டுவிடலாம். தயிர் கொஞ்சம் தளர்வாகத்தான் வரும். அந்தப் பெரும் சூட்டில் பாலின் புரதம் மாறியிருப்பதால் கெட்டித் தயிரை எதிர்பார்க்க முடியாது. ஐஸ் டிரேயில் உறையவைத்துப் பிறகு டீக்குப் போடுவதும் ஒரு வழி.

பாதாம் பால் வாங்கியவருக்குச் சிக்கல் இன்னும் பெரிது. காபிக்கு 50 மில்லி, நாளுக்கு இருமுறை என்றால் ஒரு லிட்டர் பத்து நாள் வரும். டப்பா அனுமதிப்பது ஐந்து நாள் என்றால், பாதி விலை சாக்கடைக்குத்தான். இதில் தயிரும் தோயாது; உறையவைத்தால் நீரும் துகளும் பிரிந்து, காபிக்கு உதவாமல் குழம்புக்குத்தான் ஆகும். லிட்டர் டப்பா மலிவு என்று கடையில் தோன்றுவது வீட்டுக் கணக்கில் பொய்த்துப் போகும்.

அதனால் தினமும் கொஞ்சமாகப் பயன்படுத்துகிறவர்கள் 200 மில்லி டப்பாவே வாங்குங்கள். பெரியதுதான் கிடைத்தது என்றால், திறக்கும்போதே மூடியின் மேல் பேனாவால் தேதியை எழுதுங்கள். டப்பாவில் வாய் வைத்துக் குடிக்காதீர்கள். டம்ளரில் மிஞ்சியதைத் திரும்ப ஊற்றாதீர்கள். மூடியில்லாத டப்பாவானால், கத்தரிக்கோலைக் கழுவித் துடைத்த பிறகு மூலையை வெட்டுங்கள்.