பேச்சறிதல்

பேச்சறிதல் என்பது மனிதர் பேசுவதைக் கணினி எழுத்தாக மாற்றும் நுட்பம் ஆகும். எழுத்தை ஒலியாக மாற்றும் பேச்சுத் தொகுப்பு இதற்கு எதிரான செயற்பாடாகும்.

இயங்கும் முறை

ஒலிவாங்கி தரும் மின்குறிகை பொதுவாக நொடிக்கு 16,000 முறை அளக்கப்பட்டு எண்களாகப் பதியப்படுகிறது. பல அமைப்புகளில் இவ்வெண்கள் ஏறத்தாழ 25 மில்லிநொடி நீளமுள்ள துண்டுகளாகப் பிரிக்கப்படுகின்றன. 10 மில்லிநொடிக்கு ஒரு துண்டு தொடங்குவதால், அடுத்தடுத்த துண்டுகள் ஒன்றன்மீது ஒன்று படிந்திருக்கும். ஒவ்வொரு துண்டிலும் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் உள்ளது என்பது கணக்கிடப்படுகிறது. கணினிக்குக் கிடைப்பது இவ்வளவே. சொற்களுக்கு இடையே இடைவெளிகூட இதில் இராது.

பின்னர் ஒலியியல் மாதிரி, ஒவ்வொரு துண்டும் எந்த ஒலியாக இருக்கக்கூடும் என்பதற்கு நிகழ்தகவு அளிக்கிறது. எச்சொல்லை அடுத்து எச்சொல் வருவது இயல்பு என்பதை மொழி மாதிரி மதிப்பிடுகிறது. இரு மதிப்புகளும் சேர்ந்து மிகுதியாகும் தொடரே திரையில் தோன்றும். 2010களில் செயற்கை நரம்பணுப் பிணையங்கள் பரவிய பின்னர், பல அமைப்புகளில் இவ்விரு பணிகளையும் ஒரே பிணையம் செய்கிறது.

வட்டார உச்சரிப்பு

தமிழகத்தின் தென்மாவட்டங்களில் பலர் ழகரத்தை ளகரமாக ஒலிக்கின்றனர். அவர்கள் பேச்சில் "வாழை" என்பது "வாளை" ஆகும். "தோட்டத்தில் வாழை நட்டான்" எனும் தொடரில், "நட்டான்" என்ற சொல்லைக் கொண்டு மொழி மாதிரி சரியான வடிவத்தைத் தேர்ந்துவிடலாம். "வாழை வெட்ட எடுத்தான்" என்பதிலோ அத்தகைய துணை இல்லை. "வாளை வெட்ட எடுத்தான்" என்பதும் வாளைக் குறிக்கும் இயல்பான தொடரே. இங்குப் பேசியவர் மீது பிழை இல்லை. பயிற்சிக்குப் பயன்பட்ட ஒலிப்பதிவுகளில் அவ்வட்டாரத்தார் குறைவாக இருந்ததே பெரும்பாலும் காரணம். பிழையான தொடரும் பொருள் தருவதால், ஒலிப்பதிவைக் கேட்காமல் அதைக் கண்டறிவது கடினம்.

இரைச்சல்

"பாட்டு" என்பதில் நாக்கு அண்ணத்தை அடைத்து நிற்கும்போது ஒரு நெடிய அமைதி நிலவுகிறது. "பாடு" என்பதில் அடைப்பு மிகக் குறுகியது. அதன்போது குரல்நாண்களின் அதிர்வும் நிற்பதில்லை. ஆகவே அந்த அமைதியும் ஓர் அடையாளமே. மின்விசிறியின் ஓசையோ பேருந்தின் உறுமலோ அதை நிரப்பிவிட்டால் இரு சொற்களும் நெருங்கிவிடுகின்றன. ஒலிவாங்கி விலகியிருந்தால் நிலைமை மோசமாகும். திறந்தவெளியில் வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் உள்ள தொலைவு இருமடங்கானால் குரல் 6 டெசிபல் குறையும். சுற்றுப்புற இரைச்சல் குறையாது. பின்னணியில் மற்றொருவர் பேசுவது இன்னும் கடுமையான இடையூறாகும், ஏனெனில் அதுவும் பேச்சே.

பிழையை அளத்தல்

மாறிய, விடுபட்ட, கூடுதலாக நுழைந்த சொற்களின் கூட்டுத்தொகையை, உண்மையில் பேசப்பட்ட சொற்களின் எண்ணிக்கையால் வகுத்தால் சொற்பிழை வீதம் கிடைக்கும். 10 சொற்களில் ஒன்று மாறினால் 10%. தமிழில் வேற்றுமை உருபுகள் சொல்லுடன் ஒட்டி வருவதால், உருபு மட்டும் தவறினாலும் முழுச் சொல்லும் பிழையாகவே எண்ணப்படும்.